ஸ்பின் வேகம் எடுக்கும்போதும் அடங்கும்போதும் டமார் டமார், நடுவில் அமைதி: பேரிங் போச்சா, ஷாக் போச்சா?

குளச்சல்காரி (ஞாயிறு, இரவு 8:40)

எங்கள் வீட்டில் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மிஷின், வாங்கி ஆறரை வருடம் ஆகிறது. வீடு குளச்சலில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மிஷின் இருப்பது பின்பக்கத் திண்ணையில். மழை படாது, ஆனால் கடற்காற்று முழுக்க அதன்மேல்தான்.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. துவைக்கும்போது ஒன்றுமில்லை. ஸ்பின்னுக்குப் போகும்போது முதலில் மெதுவாகச் சுற்றி, பிறகு வேகம் எடுக்கும் அல்லவா, அந்த இடத்தில் உள்ளே இருந்து பாடியில் இடிக்கிறது. நாலைந்து இடி. மேலே வைத்திருந்த சோப்புப் பவுடர் டப்பா கீழே விழுந்தது. பிறகு முழு வேகம் வந்ததும் சத்தமே இல்லை, பழைய மாதிரி ஓடுகிறது. முடிந்து வேகம் குறையும்போது மறுபடியும் அதே இடி. சில நாள் இடிக்காமலே `UE` என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஒரு மெக்கானிக் வந்து, கதவைத் திறந்து டிரம்மை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பேரிங் போய்விட்டது, டப்போடு மாற்ற வேண்டும், 9,500 ரூபாய் என்றார். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் சவுதியில் இருந்து "புதுசு வாங்கிரு" என்கிறார். அவருக்கு அங்கிருந்து சொல்வது எளிது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவட்டாறு அக்கா (ஞாயிறு, இரவு 9:05)

எங்கள் வீட்டிலும் இதே சத்தம்தான் பிள்ளே. மேல்மூடி மிஷின். நாலு மூலையிலும் நீளமாகக் கம்பி தொங்கும், அதை மாற்றினோம், சரியாகிவிட்டது. நாலும் சேர்த்து வாங்கினால்தான் கடையில் தருவார்கள். அதைக் கேட்டுப் பார்.

மார்த்தாண்டம் பைக் (ஞாயிறு, இரவு 9:30)

அக்கா, இது பேரிங் இல்லை, ஷாக் அப்சார்பர். நான் பைக் வொர்க் ஷாப் வைத்திருக்கிறேன். பின் ஷாக்கில் ஆயில் ஒழுகிப்போன பைக் குழியில் இறங்கினால் குதித்துக்கொண்டே போகும், அதே கதை. ஸ்பிரிங் தூக்கும், ஷாக் அடக்கும். உங்கள் ஷாக்கில் ஆயில் போயிருக்கும். கழற்றி, ஆயில் சீல் மாற்றி, கொஞ்சம் கெட்டியான ஆயில் விட்டால் போதும். இல்லையென்றால் அந்தத் தண்டில் நன்றாகக் கிரீஸ் தடவுங்கள். இருநூறு ரூபாய் வேலை.

வடசேரி ஸ்பேனர் (ஞாயிறு, இரவு 10:50)

மக்கா மார்த்தாண்டம், பாதி சரி. ஆனால் அந்தக் கிரீஸை மட்டும் யாரும் தடவிவிடாதீர்கள்.

வீட்டு ஃப்ரண்ட் லோடில் இருக்கும் டேம்பர் பெரும்பாலும் ஆயில் ஷாக் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் போய்வரும் ஒரு தண்டு, நடுவில் தண்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்பாஞ்சு வளையம். அவ்வளவுதான். அந்த வளையத்தின் உரசல்தான் டப்பின் ஆட்டத்தைத் தின்கிறது. அதில் கம்பெனியே ஒரு கெட்டிப் பசை போட்டிருக்கும். அது வழுக்குவதற்கு இல்லை, உரசல் ஒரே சீராக இருப்பதற்கு. நம் வீட்டு கிரீஸையோ தேங்காயெண்ணெயையோ (அதையும் ஒருவர் விட்டு வைத்திருந்தார், சொந்தக் கண்ணால் பார்த்தேன்) விட்டால் மிச்சம் இருக்கும் பிடியும் போய்விடும். பழுது பார்க்கிற சாமான் இல்லை அது, மாற்றுகிற சாமான்.

திருவட்டாறு அக்கா சொல்வது மேல்மூடி மிஷினின் கதை. அதில் நாலு கம்பியும் சேர்ந்து டப்பைத் தாங்கி, அதிலேயே ஆட்டத்தையும் அடக்கும். ஃப்ரண்ட் லோடில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே இரண்டு ஸ்பிரிங் டப்பைத் தொங்கவிட்டிருக்கும், எடை முழுவதும் அதில்தான். கீழே இரண்டோ மூன்றோ நாலோ டேம்பர் இருக்கும். அது எடை தாங்காது, ஆட்டத்தை மட்டும் பிடிக்கும்.

தங்கச்சி, காசு கொடுக்கும் முன்னால் மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலில், துணி எதுவும் போடாமல் வெறும் ஸ்பின் ஓட விடுங்கள். பேரிங் போயிருந்தால் காலி டிரம்மிலும் வேகம் ஏற ஏற லாரி போகிற மாதிரி உறுமும், உச்ச வேகத்தில்தான் அதிகம் கத்தும். உங்களுடையது உச்ச வேகத்தில் அமைதி என்கிறீர்கள், எனக்கு அங்கேயே சந்தேகம்.

இரண்டாவது, நிறுத்திவிட்டு கதவைத் திறந்து டிரம்மின் மேல் உதட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். டிரம் மட்டும் எழுந்து, வெளியே இருக்கும் ரப்பரும் டப்பும் அப்படியே இருந்தால் பேரிங். எல்லாம் சேர்ந்து எழுந்தால் பேரிங்கில் பெரிய ஆட்டம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மேல் மூடியைப் பின்பக்கம் தள்ளி எடுங்கள். டப்பின் மேல் பாகத்தை இரண்டு கையாலும் நாலு விரல் அளவு கீழே அமுக்கி, சட்டென்று விடுங்கள். எழுந்து வந்து, அதிகம் போனால் ஒரு சின்ன ஆட்டம் ஆடி நிற்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி நாலைந்து முறை ஆடினால் டேம்பர் போய்விட்டது. அமுக்கும்போதே டப் நடுவில் தொங்குகிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். ஓரங்களில் தகடு கத்தி மாதிரி இருக்கும், கை கவனம்.

முட்டம் காற்று (திங்கள், காலை 6:15)

எல்லோரும் ஷாக் ஷாக் என்று கிளம்பிவிட்டீர்கள். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு ஷாக்கும் மாற்றினேன், ஒரு வாரம் கழித்து அதே சத்தம். கடைசியில் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் மூன்று கால் ஸ்பைடர் அரித்து, ஒரு கால் ஒடிந்திருந்தது. அலுமினிய வார்ப்பு, உப்பும் சோப்பும் தின்றுவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வடசேரி ஸ்பேனர் (திங்கள், காலை 7:40)

முட்டத்துக்காரர் சொல்வதும் நடக்கும். ஆனால் ஸ்பைடர் ஒடிந்தால் அடையாளம் வேறு. டிரம்மே கோணலாகச் சுற்றும். கையால் மெதுவாகச் சுற்றி, டோர் ரப்பருக்கும் டிரம் உதட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால், ஒரு சுற்றில் ஒரு இடம் அகலும், ஒரு இடம் ஒட்டும். இடி டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில் நடக்கும், பாடியில் இல்லை. வேகம் கூடினாலும் அமைதி ஆகாது, மோசமாகும். இங்கே பாடியில் இடிக்கிறது, வேகம் வந்ததும் அடங்குகிறது. அந்த அடங்குதலை மறந்துவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் பைக் (திங்கள், காலை 9:20)

சரி அண்ணே, ஆயில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு இதுதான் புரியவில்லை. ஆயிரம் ஆர்பிஎம்மில் இடிக்காத டப் ஏன் இருநூறில் இடிக்க வேண்டும்? வேகம் கூடினால் உதறலும் கூடத்தானே வேண்டும்?

பார்வதிபுரம் வாத்தியார் (திங்கள், மாலை 5:35)

பைக் தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். நான் இயற்பியல் எடுப்பவன், மிஷினைத் திறந்த அனுபவம் இல்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

துணி ஒரு பக்கம் சேர்ந்து 400 கிராம் அதிகமாக இருக்கிறது என்று வையுங்கள். டிரம் நடுவில் இருந்து அது சுமார் 23 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 1000 ஆர்பிஎம்மில் அது வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். 200 ஆர்பிஎம்மில் அதே துணி இழுப்பது வெறும் 4 கிலோ. ஆக, இடிப்பது 4 கிலோ. இடிக்காதது 100 கிலோ.

காரணம், டப் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. தொங்கும் எதற்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையைச் சுண்டு விரலால் தள்ளினாலும், தாளத்துக்குத் தள்ளினால் உயரமாகப் போகும். இந்த டப்பின் சொந்தத் தாளம் நொடிக்குச் சில ஆட்டம்தான், அதாவது நூறுக்கு மேல், முந்நூறுக்குள் எங்கோ ஒரு ஆர்பிஎம். ஸ்பின் அந்த இடத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், திரும்பி வரும்போதும் தாண்ட வேண்டும். ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி என்று டீச்சர் எழுதியது இதுதான். (டீச்சர் என்று நானாகச் சொல்கிறேன். எழுதுகிற விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.)

மேலே போய்விட்டால் தள்ளுதல் அவ்வளவு வேகமாக மாறுகிறது, டப்பால் ஈடு கொடுக்க முடியாது. மோட்டார், சிமென்ட் கட்டை எல்லாம் சேர்ந்து 45 கிலோ தொங்குவதாக வைத்தால், அந்த 400 கிராம் துணியால் முழு வேகத்தில் டப் நகர்வது இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். தாளம் பொருந்தும் இடத்தில் மட்டும் டேம்பர் தேவை. டேம்பர் நன்றாக இருந்தால் அங்கே ஒரு சென்டிமீட்டருக்குள் ஆடி முடியும். பிடி மூன்றில் ஒரு பங்காகிவிட்டால் ஆட்டம் ஏறக்குறைய மூன்று மடங்கு, மூன்று சென்டிமீட்டர். பாடிக்கும் டப்புக்கும் நடுவில் இருப்பதே இரண்டு மூன்று விரல் இடம். அது எட்டிவிடும்.

மார்த்தாண்டம் பைக் (திங்கள், மாலை 6:10)

இப்போ பிடிபட்டது சார். அப்படியானால் இன்னும் டைட்டான டேம்பர் போட்டால் இன்னும் நல்லதுதானே? கடையில் 80, 100, 120 என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 120 போட்டுவிடலாம்.

வடசேரி ஸ்பேனர் (திங்கள், இரவு 9:15)

அப்படிப் போட்டு மாட்டிக்கொண்ட வீடு ஒன்று வெட்டூர்ணிமடத்தில் இருக்கிறது. இடி நின்றது. ஆனால் முழு வேகத்தில் மிஷின் முழுக்க நடுங்கி, மாடியில் இருந்த தரையே அதிர்ந்தது. டேம்பர் டப்பையும் பாடியையும் இணைக்கிற பாலம் மாதிரி. அது எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அதிர்வு பாடிக்கும் தரைக்கும் போகும். அதனால்தான் சில மாடல்களில் நடுவில் கொஞ்ச தூரம் பிடிக்காமல் விட்டு, பெரிய ஆட்டத்துக்கு மட்டும் பிடிக்கிற டேம்பர் வைக்கிறார்கள். அதைக் கையில் எடுத்து அசைத்துவிட்டு, லூசாக இருக்கிறது, போய்விட்டது என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு. பழைய டேம்பரின் உடம்பில் `100N` என்றோ `80N` என்றோ அச்சாகியிருக்கும். அதே எண்தான் வாங்க வேண்டும். நீளமும் பின் செருகுகிற ஓட்டையும் ஒத்துப்போக வேண்டும், மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவது நல்லது.

தங்கச்சி, பார்த்தீர்களா?

குளச்சல்காரி (செவ்வாய், இரவு 8:20)

பார்த்தோம் அண்ணே. (சாருக்கு: ஆமாம், டீச்சர்தான், ஆறாம் வகுப்பு.)

காலியாக ஸ்பின் ஓட்டினால் உறுமல் இல்லை. ஒரு சின்ன ஆட்டத்தோடு வேகம் எடுத்துவிட்டது, பாடியில் இடிக்கவில்லை. டிரம்மைத் தூக்கினால் எல்லாம் சேர்ந்தே எழுகிறது. ஆக பேரிங் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூடியைக் கழற்றி என் மகன் அமுக்கிவிட்டான். ஆறு முறை ஆடியது. எண்ணினோம். இன்னொன்று: டப் நடுவில் இல்லை. முன்னால் நின்று பார்த்தால் வலது பக்கம் நாலு விரல் நுழைகிறது, இடது பக்கம் இரண்டு விரல்தான். இடது பக்கத் தகட்டின் உட்புறம் கறுப்பாகத் தேய்ந்த அடையாளம், பெயிண்ட் போயிருக்கிறது. இடது ஸ்பிரிங்கின் மேல் கொக்கி துருவேறி, செதில் செதிலாக இருக்கிறது. வலதும் துருதான், இந்த அளவு இல்லை. டோர் ரப்பரின் கீழ் மடிப்பு இடது பக்கம் அழுந்தியிருக்கிறது.

வடசேரி ஸ்பேனர் (செவ்வாய், இரவு 9:00)

அப்படியானால் இரண்டும். ஆடுவது டேம்பர், சாய்வது ஸ்பிரிங்.

மோட்டார் ஒரு பக்கமாக இருக்கும் மிஷின்களில் கொஞ்சம் சாய்வு புதிதிலேயே இருக்கும், அதற்காக மட்டும் ஸ்பிரிங் மாற்ற வேண்டாம். ஆனால் இரண்டு விரல் வித்தியாசம், ரப்பர் அழுந்தியது, தேய்ந்த அடையாளம் மூன்றும் ஒரே பக்கம் காட்டுகிறது. ஸ்பிரிங் நடுவில் தளர்வது அபூர்வம். அது சாவது கொக்கியில்தான். கொக்கி உட்காரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அது தேய்ந்ததும் இரும்பும் இரும்பும் உரசும், பெயிண்ட் போகும், நம் ஊர்க் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இனி ஓட்டாதீர்கள். ஓடும்போது அந்தக் கொக்கி அறுந்தால் டப் ஒரு பக்கம் விழுந்து, ஒயரைக் கிழிக்கும், டியூபைப் பிடுங்கும். டேம்பர் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்தால் அப்போதுதான் உண்மையிலேயே டப் மாற்ற வேண்டி வரும். அந்த மெக்கானிக் சொன்னது பலித்துவிடும்.

முட்டம் காற்று (செவ்வாய், இரவு 9:40)

நான் சொன்னேன் அல்லவா, உப்புக்காற்று.

வடசேரி ஸ்பேனர் (செவ்வாய், இரவு 9:55)

ஸ்பிரிங்குக்கு ஒத்துக்கொள்கிறேன். டேம்பருக்கு இல்லை. பேச்சிப்பாறையில் இருந்தும் எனக்கு டேம்பர் போன மிஷின் வருகிறது, அங்கே ஏது கடல்? டேம்பரைக் கொல்வது ஜமுக்காளமும் கம்பளியும்தான். ஒற்றைக் கனத்த துணியைப் போட்டால் அது ஒரு பக்கம் உருண்டு உட்காரும், மிஷின் சமப்படுத்தப் பார்த்துப் பார்த்து பத்து முறை ஏறி இறங்கும். அந்தப் பத்தும் டேம்பர் கணக்கில்தான்.

முட்டம் காற்று (செவ்வாய், இரவு 10:10)

எங்கள் வீட்டில் ஜமுக்காளமே கிடையாது. இரண்டு ஷாக் ஐந்து வருடத்தில் போனது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வடசேரி ஸ்பேனர் (செவ்வாய், இரவு 10:30)

சக்கரம் வைத்த ஸ்டாண்டில் வைத்திருக்கிறீர்களா?

முட்டம் காற்று (செவ்வாய், இரவு 10:34)

வைத்திருந்தேன். அதற்கும் இதற்கும் என்ன?

மார்த்தாண்டம் பைக் (புதன், காலை 7:05)

குளச்சல் அக்கா, மாற்றும்போது படிப்படியாக எழுதுங்கள். எங்கள் வீட்டு மிஷினும் லேசாகக் குதிக்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று அமுக்கிப் பார்த்தேன், மூன்று ஆட்டம்.

குளச்சல்காரி (ஞாயிறு, மாலை 4:45)

வேலை முடிந்தது, பாதி. நடந்ததை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் மாடல் எண் சொல்லி டேம்பர் இரண்டு வாங்கினேன், ஒன்று 380 ரூபாய். பழையதில் `100N`, புதியதிலும் அதே. பின்களும் புதிது வாங்கச் சொன்னார் அண்ணன், அது தனியாக நாற்பது ரூபாய். ஸ்பிரிங் கடையில் இல்லை, வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியும் என் மகனும் சேர்ந்து செய்தார்கள். பிளக்கைப் பிடுங்கி, பைப்பை மூடி, கீழே பில்டரைத் திறந்து தண்ணீரை வடித்தோம். ஒரு சட்டி நிறைய வந்தது. சோப்புப் பெட்டியையும் வெளியே எடுத்துவிட்டோம், சாய்க்கும்போது அதில் இருக்கும் தண்ணீர் போர்டில் இறங்கக்கூடாது என்று. பிறகு பழைய மெத்தையை விரித்து, இருவரும் சேர்ந்து மிஷினை மெதுவாகப் பின்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். தனியாக யாரும் முயல வேண்டாம், எடை அப்படி. அடியில் எலி நுழையாமல் ஒரு தகடு போட்டிருந்தது, அதையும் கழற்றினால் டேம்பர் இரண்டும் கண்ணெதிரே.

டேம்பரை மாட்டியிருக்கும் பின் பிளாஸ்டிக். ஒரு முனையில் அம்பு மாதிரி ஒரு நாக்கு விரிந்து நிற்கும், அதனால் இழுத்தால் வராது. 13 நம்பர் பாக்ஸ் ஸ்பேனரை அந்த முனையில் செருகினால் நாக்கு அமுங்கும். அப்படியே அமுக்கியபடி மறுமுனையைக் கட்டிங் பிளேயரால் இழுத்தால் வந்துவிடும். முதல் பின்னுக்கு அரை மணி நேரம், கடைசிப் பின்னுக்கு இரண்டு நிமிடம்.

வெளியே எடுத்ததும் மகன் புதியதையும் பழையதையும் மாறிமாறிக் கையில் பிடித்து அமுக்கினான். புதியதை அமுக்க இரண்டு கையும் முழு பலமும் வேண்டியிருந்தது. பழையது ஒன்று சைக்கிள் பம்ப் மாதிரி, இன்னொன்றில் எதிர்ப்பே இல்லை, செங்குத்தாகப் பிடித்தால் தண்டு தானாகவே கீழே இறங்கியது. அதன் பின் ஓட்டையும் வட்டமாக இல்லை, முட்டை வடிவில் தேய்ந்திருந்தது.

மாட்டி நிமிர்த்தி, நாலு காலும் தரையில் பதிகிறதா என்று மூலைக்கு மூலை ஆட்டிப் பார்த்து, ஒரு காலை அரைச் சுற்று இறக்கினோம். அமுக்கிவிட்டால் இப்போது ஒரே ஆட்டத்தில் நிற்கிறது. பள்ளிச் சீருடையும் துண்டும் போட்டு ஸ்பின் ஓட்டினேன். ஏறும்போது இடி இல்லை. இறங்கும்போதும் இல்லை. (அண்ணே, ஸ்பிரிங் வரும் வரை ஓட்டாதே என்று திட்ட வேண்டாம், ஒரே ஒரு முறைதான்.)

ஆனால் ஒரு புதுச் சத்தம். துவைக்கும்போது மெதுவாகச் சுற்றுகிறதே, அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடது பக்கம் மேலே "டக்" என்கிறது. முன்பும் இருந்திருக்கலாம், அந்தப் பெரிய இடியில் கேட்கவில்லையோ என்னவோ.

வடசேரி ஸ்பேனர் (ஞாயிறு, மாலை 6:00)

அதுதான் அந்தக் கொக்கி. தொப்பி தேய்ந்து, இரும்பு இரும்பில் ஏறி இறங்குகிறது. டேம்பருக்கு அந்த வேகத்தில் வேலையே இல்லை, அதனால் மெதுவான சுற்றில் வரும் சத்தத்தை டேம்பர் கணக்கில் எழுதக்கூடாது.

ஸ்பிரிங் மாற்ற மிஷினைச் சாய்க்க வேண்டாம், நின்ற நிலையிலேயே செய்யலாம். ஒருவர் கதவு வழியாகக் கைவிட்டு டிரம்மை மேலே தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் டப்புக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி முட்டுக் கொடுக்க வேண்டும். எடை போனதும் ஸ்பிரிங் லூசாகி, கொக்கி கையாலேயே வந்துவிடும். ஒரு பக்கம் முடித்து மாட்டிய பிறகுதான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் டப் கீழே உட்கார்ந்துவிடும், பிறகு தூக்குவது பெரும்பாடு. கொக்கி எந்த ஓட்டையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சில பாடியில் இரண்டு ஓட்டை இருக்கும். சில மாடலில் இடது வலது ஸ்பிரிங்கே வேறு, பெயிண்ட் புள்ளி வைத்திருப்பார்கள். கொக்கி மாட்டும் தகட்டையும் பார்த்துவிடுங்கள். அது துருவேறி மெலிந்திருந்தால் புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லை, தகடு கிழிந்துவிடும்.

பார்வதிபுரம் வாத்தியார் (ஞாயிறு, இரவு 7:20)

ஒரு சந்தேகம். இடது ஸ்பிரிங் மட்டும்தானே மோசம், வலதையும் ஏன் மாற்ற வேண்டும்? ஸ்பிரிங் தளராது என்று நீங்களே சொன்னீர்கள்.

வடசேரி ஸ்பேனர் (ஞாயிறு, இரவு 8:05)

நான் இரண்டையும் மாற்றுகிறவன் சார். ஒன்று மட்டும் மாற்றி நன்றாக ஓடுகிற மிஷினும் பார்த்திருக்கிறேன். சண்டைக்கு வரமாட்டேன்.

குளச்சல்காரி (அடுத்த சனி, மதியம் 1:30)

ஸ்பிரிங் இரண்டும் வந்தது, இரண்டும் மாற்றினோம். கழற்றிய இடது ஸ்பிரிங்கின் கொக்கி நடுவில் பாதியாக இளைத்திருந்தது, தொப்பி இருந்த இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக் தூள்தான். எடை இல்லாமல் கீழே வைத்துப் பார்த்தால் வலது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இடதில் நகம் நுழைகிற இடைவெளி. தளராது என்றீர்களே அண்ணே? தகடு நல்லபடியாக இருக்கிறது, துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்தோம்.

இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்று விரல். "டக்" இல்லை. மொத்தம் இரண்டாயிரத்துக்குள் முடிந்தது, தம்பிக்குக் கொடுத்ததும் சேர்த்து.

நேற்று இரட்டைக் கட்டில் போர்வை ஒன்றைத் தனியாகப் போட்டேன். பழையபடி `UE` காட்டி நின்றது. இடிக்கவில்லை, ஆனால் நின்றது.

வடசேரி ஸ்பேனர் (சனி, மதியம் 2:10)

தளராது என்று சொல்லவில்லை டீச்சர், அபூர்வம் என்றேன். சரி, உங்களுக்கு அது வாய்த்திருக்கிறது.

போர்வைக்கு மிஷினைக் குறை சொல்லாதீர்கள். கூட இரண்டு துண்டும் ஒரு சாரமும் போட்டுப் பாருங்கள், எதிர்ப்பக்கம் உட்கார ஏதாவது வேண்டும்.

மார்த்தாண்டம் பைக் (சனி, மாலை 6:40)

அண்ணே, என் மிஷினில் கீழே நாலு டேம்பர் இருக்கிறது. ஒன்று மட்டும் லூசு, மூன்றும் கெட்டி. நாலையும் மாற்றணுமா, ஒன்று போதுமா?

திருவட்டாறு அக்கா (சனி, இரவு 7:15)

நாலும் சேர்த்துத்தான் தருவார்கள், நான் அப்பவே சொன்னேன்.